சான்றிதழ் அனுப்பியும் "கிடைக்கவில்லை" என்று பதில் வருகிறதா?

எங்கள் ஜெராக்ஸ் கடை ஒரு பாலிடெக்னிக் வாசலில் இருக்கிறது. கேம்பஸ் இன்டர்வியூ முடிந்த வாரங்களில், கையில் போனைப் பிடித்துக்கொண்டு பையன்கள் வருவார்கள். "அண்ணா, செலக்ட் ஆயிட்டேன். சர்டிபிகேட் அனுப்பினேன். ஆனா ஹெச்ஆர் திரும்பத் திரும்ப மெயில் போடுறாங்க" என்பார்கள். பதில் மெயிலில் இருப்பது பெரும்பாலும் ஒரே வரிதான். அந்த ஒரு வரியை வைத்து எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

2024 ஜூலையில் வந்த ஒரு தம்பியின் கதையை வைத்தே இதை எழுதுகிறேன். அவன் பெயரை மணிகண்டன் என்று வைத்துக்கொள்வோம், அப்பா பெயர் செல்வராஜ். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவன். கம்பெனி கேட்டது ஏழு: பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆறு செமஸ்டர் மார்க் ஷீட், புரொவிஷனல், டிசி, ஆதார், பான், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம். இரண்டு நாள் அவகாசம். அவனுக்கு அடுத்தடுத்து ஐந்து சிக்கல்கள் வந்தன. உங்களுக்கு வந்த பதில் எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

"லிங்க் திறக்கவில்லை, அனுமதி கேட்கிறது"

மணிகண்டன் சான்றிதழ்களைத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றையும் போன் கேமராவில் படம் எடுத்திருந்தான். ஒரு படம் ஏறக்குறைய 4 எம்பி. பத்துப் படங்களையும் ஆதார் பிடிஎஃப்பையும் சேர்த்தால் 40 எம்பிக்கு மேல் போய்விட்டது. ஜிமெயிலில் ஒரு மெயிலுக்கு 25 எம்பிதான் வரம்பு. அதைத் தாண்டினால் ஜிமெயில் பிழை என்று நிறுத்தாது. ஃபைல்களைத் தானாகவே கூகுள் டிரைவில் ஏற்றிவிட்டு, அட்டாச்மென்ட் இருக்க வேண்டிய இடத்தில் லிங்க்கை வைத்துவிடும். அனுப்புகிறவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகப் போனது போலவே தெரியும்.

அந்த நேரத்தில் யாருக்கு அனுமதி தருவது என்று ஜிமெயில் ஒரு பெட்டியில் கேட்கும். அவசரத்தில் அதைக் கவனிக்காமல் விட்டால் ஃபைல் `Restricted` நிலையிலேயே இருந்துவிடலாம். ஹெச்ஆர் சொடுக்கினால் `Request access` என்று வரும். அவர் அனுமதி கேட்டாலும், அந்தக் கோரிக்கை உங்கள் மெயிலில் வேறு பத்து மெயில்களுக்கு நடுவே கிடக்கும். சில கம்பெனிகளில் வெளியார் டிரைவ் லிங்க்கைத் திறக்கவே விடமாட்டார்கள்.

அனுமதியை `Anyone with the link` என்று மாற்றி ஆளைச் சமாளிக்கலாம்தான். ஆனால் அப்படிச் செய்தால் லிங்க் கிடைத்த எவரும் உங்கள் ஆதாரையும் பாஸ்புக்கையும் பார்க்க முடியும். எனக்கு அது பிடிக்காது. எடையைக் குறைத்து அட்டாச்மென்டாகவே அனுப்புவதுதான் சரி.

எவ்வளவு குறைக்க வேண்டும்? மெயிலில் போகும்போது ஃபைல் வேறு வடிவத்துக்கு மாற்றப்பட்டு, மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். அதனால் வரம்பை ஒட்டி அனுப்பாமல், நன்றாகக் குறைத்தே அனுப்புங்கள். வாங்குகிற பக்கத்தில் வரம்பு இன்னும் குறைவாகவும் இருக்கலாம். அங்கே தாண்டினால் சில நிமிடங்களில் `Mail Delivery Subsystem` என்ற பெயரில் ஒரு மெயில் திரும்பி வரும். அனுப்பிய பிறகு கால் மணி நேரம் இன்பாக்ஸைப் பாருங்கள். மொத்தம் 8 எம்பிக்குள் வைத்துவிட்டால் பெரும்பாலும் இந்தத் தொல்லையே இல்லை.

மணிகண்டனுக்குக் கடையில் ஸ்கேனர் இருந்தது. 200 டிபிஐ, கலர், ஏ4 என்று வைத்தோம். ஒரு பக்கம் 1654க்கு 2339 புள்ளிகள். பக்கத்துக்கு அரை எம்பி கூட வரவில்லை. மொத்தமும் 6 எம்பிக்குள் அடங்கிவிட்டது. ஸ்கேனர் இல்லாதவர்கள் போனில் கூகுள் டிரைவ் ஆப்பைத் திறந்து, கூட்டல் குறியைத் தொட்டு ஸ்கேன் என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். ஐபோனில் நோட்ஸ் ஆப்பிலேயே ஸ்கேன் வசதி உண்டு. இரண்டுமே ஓரங்களை வெட்டி, கோணலைச் சரிசெய்து பிடிஎஃப்பாகத் தரும்.

ஏற்கெனவே எடுத்த பிடிஎஃப் பெரிதாக இருந்து, கம்ப்யூட்டரில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் இருந்தால் இது போதும். விண்டோஸில் `gs` என்பதற்குப் பதில் `gswin64c` என்று அடிக்க வேண்டும்:

```
gs -sDEVICE=pdfwrite -dPDFSETTINGS=/ebook -dNOPAUSE -dBATCH -sOutputFile=small.pdf big.pdf
```

`/ebook` படங்களை 150 டிபிஐக்குக் கொண்டுவரும், படிக்க முடியும். `/screen` என்று போட்டால் 72 டிபிஐ ஆகிவிடும், பதிவெண் கரைந்துபோகும். இலவசமாகச் சுருக்கித் தரும் இணையதளங்களில் ஆதாரையும் பானையும் ஏற்றாதீர்கள். ஏற்றிய ஃபைல் அதன் பிறகு எங்கே தங்குகிறது என்பது உங்கள் கையில் இல்லை.

"ஃபைல் திறக்கவில்லை"

லிங்க் இல்லை, அட்டாச்மென்ட்தான். ஆனாலும் திறக்கவில்லை என்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது ஆதாரைத்தான்.

ஆதார் தளத்திலிருந்து இறக்கிய இ-ஆதார் பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்டு உண்டு. ஆதாரில் உள்ள பெயரின் முதல் நான்கு எழுத்துகள் ஆங்கிலப் பெரிய எழுத்தில், அதன் பின் பிறந்த ஆண்டு. மணிகண்டன் 2005-ல் பிறந்தவன் என்றால் `MANI2005`. முன்னால் இனிஷியல் புள்ளியோடு இருந்தால் அந்தப் புள்ளியும் எண்ணிக்கையில் சேரும். பி.குமார், 1990 என்றால் `P.KU1990`. இ-பான் பிடிஎஃப்புக்குப் பிறந்த தேதி, மாதம், ஆண்டு என எட்டு இலக்கம். உங்கள் போன் ஒருமுறை பாஸ்வேர்டு வாங்கி நினைவில் வைத்திருக்கலாம், அப்படியானால் உங்களுக்குத் தடையில்லாமல் திறக்கும். ஹெச்ஆருக்குத் திறக்காது.

குரோமில் பாஸ்வேர்டு போட்டுத் திறந்து, பிரின்ட் கொடுத்து, பிரின்டர் இடத்தில் `Save as PDF` என்று தேர்ந்தெடுத்தால் பாஸ்வேர்டு இல்லாத பிரதி கிடைக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: இப்படிச் செய்த பிரதியில் டிஜிட்டல் கையொப்பம் செல்லாது. அசல் இ-ஆதார்தான் வேண்டும் என்று கேட்டிருந்தால் அசலையே அனுப்பி, பாஸ்வேர்டு எப்படி அமைந்தது என்று குறிப்பில் ஒரு வரி எழுதுங்கள்.

ஆதார் இல்லை என்றால் அடுத்த சந்தேகம் ஃபைலின் கடைசி மூன்று எழுத்து. பிடிஎஃப் கேட்டார்கள் என்பதற்காக `tc.jpg` என்பதை `tc.pdf` என்று பெயர் மாற்றி அனுப்புகிறவர்கள் உண்டு. பெயர் மாறினாலும் உள்ளே இருப்பது படம்தான். நோட்பேடில் அந்த ஃபைலைத் திறந்து பாருங்கள். உண்மையான பிடிஎஃப் என்றால் முதல் வரியே `%PDF-` என்று தொடங்கும். இல்லையென்றால், படத்தைத் திறந்து பிரின்ட் வழியாகப் பிடிஎஃப்பாகச் சேமியுங்கள். ஐபோன் படம் `.heic` என்று முடிந்தாலும் இதேதான் தீர்வு, பழைய விண்டோஸில் அது திறக்காது.

"தெளிவாக இல்லை, மீண்டும் அனுப்பவும்"

இதைச் சொன்னால் எல்லோரும் முதலில் இன்னும் பெரிய படமாக எடுக்கிறார்கள். பெரும்பாலும் குறை அளவில் இருக்காது.

மணிகண்டனின் மார்க் ஷீட்டுகள் லேமினேட் செய்தவை. கடை டியூப்லைட் அதில் ஒரு வெள்ளைக் கோடாக விழுந்து, மூன்றாவது செமஸ்டரில் இரண்டு பாடங்களின் மதிப்பெண்ணை மறைத்திருந்தது. அவன் கண்ணுக்கு அது படவே இல்லை, ஏனென்றால் அவனுக்கு அந்த மார்க் மனப்பாடம். ஃபிளாஷை அணைத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து எடுத்தால் இந்தக் கோடு போய்விடும். ஸ்கேனரில் வைத்தால் அநேகமாக வராது.

இன்னொன்று, ஸ்கேன் ஆப்பில் வரும் கருப்பு வெள்ளை ஃபில்டர். எழுத்து பளிச்சென்று தெரிகிறது என்று அதைப் போடுவார்கள். அது வெளிர் நிறங்களை வெள்ளையாக்கிவிடும். டிசியில் இருக்கும் ஊதா நிற ரப்பர் ஸ்டாம்ப், முதல்வரின் பச்சைக் கையெழுத்து எல்லாம் அரைகுறையாகிவிடும். சான்றிதழைச் சரிபார்க்கிறவர் முத்திரையைத்தான் முதலில் தேடுவார். கலரிலேயே எடுங்கள்.

வாட்ஸ்அப்பும் ஒரு காரணம். வீட்டில் அக்கா படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப, தம்பி அதை இறக்கி மெயில் செய்வான். வாட்ஸ்அப் படமாக அனுப்பும்போது அதைச் சுருக்கிவிடும். `IMG-20240712-WA0007.jpg` என்பது போல நடுவில் WA இருந்தால் அது அந்த வழியாக வந்த படம் என்று தெரிந்துகொள்ளலாம். `Document` என்ற வழியில் அனுப்பச் சொன்னால் அப்படியே வரும்.

அனுப்பும் முன் ஒரே ஒரு சோதனை போதும். ஒவ்வொரு பக்கத்திலும் இருப்பதிலேயே பொடியான எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மார்க் ஷீட்டில் அது சான்றிதழ் வரிசை எண், பாஸ்புக்கில் ஐஎஃப்எஸ்சி. ஐஎஃப்எஸ்சியில் ஐந்தாவது எழுத்து எப்போதும் சுழியம்தான். அது O போலத் தெரிந்தாலும் பரவாயில்லை. மற்ற இலக்கங்களில் 8க்கும் 6க்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் மறுபடி எடுங்கள்.

"டிசி வரவில்லை" (நீங்கள் அனுப்பியிருக்கிறீர்கள்)

இதுதான் எனக்கு ரொம்ப வருத்தம் தரும் பதில். பிள்ளை அனுப்பியிருப்பான், அவர்களிடம் இருக்கும், ஆனாலும் இல்லை என்று வரும். காரணம் ஃபைல் பெயர்.

என் சித்தப்பா மகள் ஒரு கம்பெனியில் ஆள் சேர்ப்புப் பிரிவில் இருக்கிறாள். அவள் சொன்னதைக் கேட்ட பிறகுதான் எனக்கு இது புரிந்தது. மெயிலை அவள் மெயிலாக வைத்துக்கொள்வதில்லை. ஒரு நாளில் நாற்பது பேரின் ஃபைல்களை இறக்கி ஒரே ஃபோல்டரில் போடுகிறாள். அந்த நொடியில் உங்கள் மெயிலும் பெயரும் பின்னால் போய்விடுகின்றன. ஃபைல் பெயர் மட்டும்தான் மிஞ்சும். அங்கே `Scan0001.pdf` பதினைந்து, `aadhar.pdf` இருபது இருக்கும். `New Doc 12.pdf` என்பதற்குள் உங்கள் டிசி இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

மணிகண்டனுக்கு நாங்கள் வைத்த பெயர்கள் இவை:

```
ManikandanS_01_SSLC.pdf
ManikandanS_02_Diploma_Sem1-6.pdf
ManikandanS_04_TC.pdf
ManikandanS_05_Aadhaar.pdf
ManikandanS_06_PAN.pdf
ManikandanS_07_BankPassbook.pdf
```

ஆள் பெயர் முதலில் வந்தால், எந்த ஃபோல்டரில் போட்டாலும் ஆறும் ஒன்றாக நிற்கும். எண், கம்பெனி மெயிலில் கேட்டிருந்த அதே வரிசை. அவர்கள் தங்கள் பட்டியலில் டிக் போட்டுக்கொண்டே வரலாம். விண்ணப்ப எண் ஏதாவது தந்திருந்தால் பெயருக்கு முன்னால் அதைச் சேருங்கள். ஆங்கில எழுத்தே வைத்துக்கொள்ளுங்கள், தமிழ் எழுத்து சில மென்பொருளில் உடைந்து கட்டம் கட்டமாகத் தெரியும். இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு. `10/12` என்று சாய்கோடு போடவே கூடாது, விண்டோஸ் ஏற்காது.

மூன்றாம் எண் விட்டுப்போனது தவறில்லை. அவனுக்குப் புரொவிஷனல் அப்போது கைக்கு வரவில்லை. எண்ணை நகர்த்தி 03-ல் டிசியை வைத்தால் பட்டியலோடு பொருந்தாது. காலியாக விட்டால் எது பாக்கி என்று பார்த்தவுடன் தெரியும், பின்னால் அது வரும்போது தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஆறு மார்க் ஷீட்டையும் ஒரே பிடிஎஃப்பாகச் சேர்த்தது ஏன் என்று கேட்கலாம். ஒரு வகைக்கு ஒரு ஃபைல் என்பதுதான் கணக்கு. எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப்பில் கட்டினால் அவர்கள் பிரித்துப் போட வேண்டும், தனித்தனியாகப் பதினொன்று அனுப்பினால் அவர்கள் சேர்க்க வேண்டும். பின்பக்கத்தில் ஏதாவது அச்சிட்டிருந்தால் அதையும் அடுத்த பக்கமாகச் சேருங்கள்.

"பெயர் பொருந்தவில்லை", "மதிப்பெண் இல்லை"

இவை ஸ்கேனால் வரும் சிக்கல் அல்ல. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே உரியவை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பள்ளிச் சான்றிதழில் `MANIKANDAN S`. பான் கார்டில் இனிஷியலாகப் பெயர் வைக்க விடுவதில்லை, அதனால் அப்பா பெயர் விரிந்து `MANIKANDAN SELVARAJ`. ஆதாரில் `Manikandan S`. நமக்கு இது மூன்றும் ஒரே ஆள். வேறு மாநிலத்தில் உட்கார்ந்து சரிபார்க்கிறவருக்கு, செல்வராஜ் என்பது குடும்பப் பெயராகவும் S என்பது வேறு ஏதோவாகவும் தெரியும். குறிப்பில் "S என்பது என் தந்தை பெயர் செல்வராஜ் என்பதன் இனிஷியல்" என்று ஒரு வரி எழுதினால் பல இடங்களில் அதோடு முடிந்துவிடும். எழுத்தே மாறியிருந்தால், உதாரணமாக ஓரிடத்தில் `MANIKANDAN`, இன்னோரிடத்தில் `MANIGANDAN` என்றால், விளக்கம் போதாது. பிஎஃப் கணக்கு எண் ஆதார் பெயர்ப்படி உருவாகும் என்பதால், திருத்தத்துக்கு விண்ணப்பித்து அந்த ரசீதையும் கூட அனுப்புங்கள். ஸ்கேனில் எழுத்தைத் திருத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு எழுத்தைத் திருத்தினாலும் அது போலிச் சான்றிதழ்தான். கிடைத்த வேலையோடு சேர்த்து மற்றதும் போகும். என் கடையில் அதைச் செய்வதில்லை.

அப்புறம் மதிப்பெண். மணிகண்டன் 2021-ல் பத்தாவது முடித்தவன். கொரோனாவால் அந்த ஆண்டு தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு நடக்கவில்லை. எல்லோரும் தேர்ச்சி, சான்றிதழில் மதிப்பெண் கிடையாது. ஹெச்ஆர் "தவறான ஃபைல், மார்க் ஷீட் அனுப்பவும்" என்று எழுதியிருந்தார். அவன் பயந்துபோய், ஒன்பதாம் வகுப்பு ரேங்க் கார்டை அனுப்பலாமா என்று கேட்டான். வேண்டாம். அசல் இதுதான் என்று விளக்க வேண்டியதுதான். ஃபார்மில் சதவீதம் கட்டாயமாகக் கேட்டால் நீங்களாக ஒரு எண் போடாமல், என்ன போடுவது என்று அவர்களிடமே கேளுங்கள்.

குறிப்பு எழுதாததால் வரும் கேள்விகள்

மேலே சொன்னவற்றில் பாதி, மெயிலில் ஒன்றும் எழுதாமல் வெறும் அட்டாச்மென்ட் அனுப்பியதால் வந்தவை. "பிளீஸ் ஃபைண்ட் அட்டாச்டு" என்று மட்டும் எழுதினாலும் அதே கதைதான். மணிகண்டன் கடைசியில் அனுப்பியது இது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களும் இதே வரிசையில் எழுதலாம்:

> பொருள்: சான்றிதழ்கள் – மணிகண்டன் செ., டிப்ளமோ டிரெய்னி
>
> ஐயா / அம்மா, வணக்கம்.
>
> தாங்கள் கேட்ட ஏழு ஆவணங்களில் ஆறு இத்துடன் உள்ளன. ஃபைல்களின் எண்கள் தங்கள் பட்டியலின் வரிசைப்படி உள்ளன.
>
> 03 (புரொவிஷனல்) கல்லூரியிலிருந்து இன்னும் வரவில்லை. ஜூலை 26-க்குள் அனுப்புகிறேன்.
>
> 01: 2021-ல் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடைபெறாததால் சான்றிதழில் தேர்ச்சி மட்டும் உள்ளது, மதிப்பெண் இல்லை.
>
> 06: பான் கார்டில் உள்ள செல்வராஜ் என் தந்தை பெயர். மற்றவற்றில் S என்ற இனிஷியலாக உள்ளது.
>
> இப்படிக்கு,
> மணிகண்டன் செ.
> (கைபேசி எண்)

எத்தனை கேட்டார்கள், எத்தனை இருக்கின்றன, எது பாக்கி, எப்போது வரும், எங்கே குழப்பம் வரலாம். இவ்வளவுதான். வேலை கிடைத்த மகிழ்ச்சியையோ நன்றியையோ பத்தி பத்தியாக எழுத வேண்டியதில்லை. பாக்கி உள்ளதற்குத் தேதி போடுவது முக்கியம். "விரைவில்" என்றால் அவர்கள் தினமும் கேட்பார்கள். தேதி போட்டால் அந்தத் தேதி வரை காத்திருப்பார்கள்.

புதிய மெயிலாக அனுப்பாமல், அவர்கள் கேட்ட மெயிலுக்கே `Reply all` கொடுங்கள். அதில் இருக்கும் இரண்டாவது ஆள்தான் பல இடங்களில் ஃபைல்களை உண்மையில் இறக்குகிறவர். பதில் போடும் முன் அனுப்பியவரின் முகவரியையும் ஒருமுறை பாருங்கள். கம்பெனி பெயரைச் சொல்லிக்கொண்டு சாதாரண ஜிமெயில் முகவரியிலிருந்து ஆதாரும் பாஸ்புக்கும் கேட்டால், கம்பெனி இணையதளத்தில் உள்ள எண்ணுக்குப் பேசி உறுதி செய்த பிறகே அனுப்புங்கள். சரிபார்ப்புக் கட்டணம் என்று பணமும் கேட்டால் பேசவே வேண்டாம், அது மோசடி.

திருத்தி மறுபடி அனுப்பும்போது எல்லாவற்றையும் திரும்ப அனுப்பாதீர்கள். எது சரியில்லை என்றார்களோ அதை மட்டும், `ManikandanS_02_Diploma_Sem1-6_v2.pdf` என்று பெயரிட்டு, "மூன்றாம் செமஸ்டர் பக்கம் மாற்றப்பட்டுள்ளது, முந்தையதை நீக்கிவிடவும்" என்ற ஒரு வரியோடு அனுப்புங்கள். அதற்கும் முன்னால், அந்த மெயிலை வீட்டில் வேறொருவரின் மெயிலுக்கு அனுப்பி, அவர் போனில் ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். மணிகண்டன் தன் அம்மா போனில் திறந்து பார்த்தபோதுதான், பான் கார்டு தலைகீழாக இருப்பது தெரிந்தது.